விடுபட்ட மூன்றே முக்கால் ஆண்டு

செம்மேட்டில் ஊற்றுக்கண் என்ற தொண்டு நிறுவனத்தின் மலை அலுவலகம் இருக்கிறது. அதில் பதிவேட்டு எழுத்தராகப் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்ப்பவர் அர்த்தனாரி. திருப்புலி நாட்டுக்காரர்; மலையில் ஊர்த் தொகுப்பை நாடு என்பார்கள். அப்பாவுக்கு மிளகும் மரவள்ளியும் போட்ட இரண்டு ஏக்கர் இருந்தது. அர்த்தனாரி ராசிபுரத்தில் தங்கி பி.காம். முடித்துவிட்டு மலைக்கே திரும்பி வந்தார். அதை ஊரில் சிலர் தோல்வி என்று பேசினார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. காலை ஒன்பதே முக்காலுக்கு அலமாரியைத் திறந்து, கோப்புகளை வரிசையாக அடுக்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளும்போது அவருக்கு ஒரு நிறைவு இருந்தது. தாள் அவரிடம் வந்தால் தொலையாது. தேதி அவரிடம் வந்தால் மாறாது. அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அவரும் அதை நம்பினார்.

நிறுவனம் மலையில் இருபத்தொரு ஊர்களில் குழந்தைகள் மையம் நடத்துகிறது. தாய் தகப்பன் காட்டு வேலைக்குப் போகும் பகல் நேரத்தில் சின்னக் குழந்தைகளை அங்கே விடுவார்கள். மையத்துக்கு ஒரு பொறுப்பாளர், ஒரு உதவியாளர். உதவியாளர்தான் தண்ணீர் தூக்குவார், கஞ்சி காய்ச்சுவார், கழுவி விடுவார், தூங்க வைப்பார். பொறுப்பாளரிடம் சாவியும் பதிவேடும் இருக்கும். உதவியாளராக இடைவெளி இல்லாமல் பத்து ஆண்டு வேலை செய்தவர், இடம் காலியாகும்போது பொறுப்பாளராகலாம் என்பது நிறுவனத்தின் விதி. உத்தரவு வரத் தாமதமானால் முப்பது நாள் வரையிலான இடைவெளியைப் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால், முந்தைய சேவை கணக்கில் வராது.

2019 ஜூனில் இரண்டு மையங்களில் பொறுப்பாளர் இடம் காலியானது. உதவியாளர்கள் எல்லோருடைய வேலைக்காலத்தையும் சரிபார்த்து, ஒன்றின் மேல் ஒன்று விழும் காலத்தையும் விடுபட்ட காலத்தையும் தேதி வாரியாக எழுதி அனுப்பும்படி நாமக்கல்லில் இருக்கும் தலைமை அலுவலகம் கேட்டது. முழு விவரம் வேண்டாம், குறை உள்ள தேதிகள் மட்டும் போதும் என்றார்கள். பெயர், குறை, எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. நான்கே நெடுவரிசை.

அர்த்தனாரி ஒரு வாரம் உட்கார்ந்து அதைச் செய்தார். ஒவ்வொருவருடைய நியமன உத்தரவு, மாறுதல் உத்தரவு, விடுவிப்புக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து, சேர்ந்த தேதியின் வரிசைப்படி கணினியில் ஏற்றினார். அப்புறம் ஒரு சூத்திரம் போட்டார். ஒரு வரியில் சேர்ந்த தேதியை, அதற்கு மேல் வரியில் முடிந்த தேதியோடு ஒப்பிட வேண்டும். முடிந்த மறுநாளே சேர்ந்திருந்தால் குறை இல்லை. முடிவதற்கு முன்பே சேர்ந்திருந்தால் அந்த நாட்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. மறுநாளைத் தாண்டிச் சேர்ந்திருந்தால் நடுவில் இருப்பது விடுபட்ட காலம். மே 31-இல் முடிந்து ஜூன் 1-இல் சேர்ந்தவருக்கு இடைவெளி என்று காட்டிவிடக் கூடாது என்று ஒரு நாளைக் கூட்டிக் கழித்துச் சரிசெய்தார். அந்த ஒரு நாள் கவனம் அவருக்குப் பெருமையாக இருந்தது. விடுபட்ட காலம் சிவப்பில் வரும்படி வைத்து, சூத்திரத்தை மேலிருந்து கீழ் வரை இழுத்துவிட்டார்.

அரியூர் நாட்டு மையத்தின் உதவியாளர் மாதம்மாள் பெயரில் நான்கு வரிகள் இருந்தன. அரியூர் நாட்டு மையத்தில் 1-6-2009 முதல் 31-5-2015 வரை. வாசலூர்பட்டி மையத்தில் 1-3-2011 முதல் 31-8-2011 வரை. திருப்புலி நாட்டு மையத்தில் 1-6-2015 முதல் 14-4-2017 வரை. மறுபடி அரியூர் நாட்டில் 1-5-2017 முதல் இன்று வரை.

வாசலூர்பட்டி வரி முந்தைய வரியின் மேல் விழுந்தது. அர்த்தனாரி கோப்பைப் புரட்டினார். அங்கே இருந்த உதவியாளர் பிரசவ விடுப்பில் போனதால், வாரத்தில் மூன்று நாள் மாதம்மாள் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்ற உத்தரவு இருந்தது. அது சரிதான். அடுத்து, திருப்புலி நாட்டு வரி சிவப்பாக வந்திருந்தது. வாசலூர்பட்டி வரி 31-8-2011-இல் முடிகிறது, அடுத்த வரி 1-6-2015-இல் தொடங்குகிறது. விடுபட்ட காலம் 1-9-2011 முதல் 31-5-2015 வரை. மூன்று ஆண்டு ஒன்பது மாதம். கடைசி வரியிலும் 15-4-2017 முதல் 30-4-2017 வரை பதினாறு நாள் சிவப்பு வந்தது. அது பொறுக்கத்தக்கது என்று பக்கத்தில் குறித்தார். மூன்றே முக்கால் ஆண்டைப் பார்த்தபோது அவருக்குக் கொஞ்சம் வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அவர் பார்த்தது இரண்டு கட்டங்களை மட்டும்தான். மாலை பட்டியல் போய்விட்டது.

பத்து நாளில் பதில் வந்தது. மாதம்மாளின் தொடர் சேவை 2015 ஜூனிலிருந்து மட்டும். தகுதி இல்லை. ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளில் எழுத்துப்பூர்வமாகச் சொல்லலாம்.

மாதம்மாளுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. உயரமான பெண், குரல் மட்டும் சன்னம். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மதியம், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"ஏனுங்க சார், நான் மூணு வருசத்துக்கு மேல வேலைக்கே வரலைன்னு எழுதியிருக்குதாமா?"

"வரலைன்னு எழுதலீங்க அக்கா. தாள்ல காணோம்னுதான் இருக்குது. ரெண்டாயிரத்துப் பதினொண்ணு செப்டம்பர்லருந்து ரெண்டாயிரத்துப் பதினஞ்சு மே வரைக்கும்."

"நான் ஒரு நாளு கூட நிக்கலீங்களே. அந்த மையத்துக் கூரைத் தகரம் காத்துல பறந்துச்சே, அப்ப புள்ளைங்களைக் கோயிலுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டது நானுதானுங்க."

"அது எந்த வருசமுங்க?"

மாதம்மாள் யோசித்தார். "எம்பொண்ணைக் கட்டிக்குடுத்ததுக்கு மறு வருசமுங்க."

"தேதி வேணுமுங்க. இல்லாட்டி உத்தரவு, கடிதம், ஏதாச்சும் தாளு."

"தாளெல்லாம் நீங்கதானே வெச்சிருக்கறீங்க?"

அதற்கு அர்த்தனாரி என்ன சொன்னார் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. "என்கிட்ட இருக்கறதை வெச்சுத்தானுங்க எழுதினேன். நான் பாத்தா தப்பாதுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து மாதம்மாளின் கோப்பை மறுபடி எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆறு அடி தூரம்.

 ஏழு நாளில் மாதம்மாளால் எதுவும் எழுதித் தர முடியவில்லை. அந்த ஆண்டுகளில் இருந்த பழைய பொறுப்பாளர் மகனோடு சேலத்துக்குப் போய்விட்டிருந்தார். பழைய வருகைப் பதிவேட்டைத் தகரம் பறந்த அன்றைய மழை கரைத்துவிட்டிருந்தது. இரண்டு இடங்களில் ஒன்று தேன்மொழி என்ற இளம் உதவியாளருக்குக் கிடைத்தது. அதுவும் அரியூர் நாட்டு மையத்திலேயே. மாதம்மாள் அதே மையத்தில், தன்னைவிடப் பதினேழு வயது சின்னவரிடம் சாவி வாங்கித் திறந்து, கஞ்சி காய்ச்சினார்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி திரும்பியது. மூன்றே முக்கால் ஆண்டு வேலைக்கே போகாமல் போனதாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம், ஆபீசில் கண்டுபிடித்துவிட்டார்களாம் என்றார்கள். மாதம்மாளின் கணவர் சாமியப்பனிடம் டீக்கடையில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அத்தனை வருசம் சம்சாரம் எங்க போயிட்டு வந்துச்சு?" என்று கேட்டார். சாமியப்பன் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. 2022-இல் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். மறு ஆண்டு மாதம்மாளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. மாலை போட்டு, ஒரு சேலை கொடுத்து, உதவியாளராகவே அனுப்பி வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் அர்த்தனாரியும் கை தட்டினார்.

2024 பிப்ரவரியில் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் புது மென்பொருளில் ஏற்றச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவர்களுடையதையும் சேர்த்து. அதற்கென்று சத்யா என்ற பெண் வேலைக்கு வந்தாள். சேந்தமங்கலத்துப் பக்கம், விவசாயக் குடும்பம். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தன் இடத்திலிருந்தே கேட்டாள்.

"சார், மாதம்மாள்னு ஒரு உதவியாளர். உங்க பழைய பட்டியல்ல ஒரு வரி கூடுதலா இருக்குதுங்க."

"என்ன கூடுதலு?"

"புதுசுல ஒண்ணுமேல ஒண்ணு விழுறது ஒரு இடம், ரெண்டாயிரத்துப் பதினொண்ணு மார்ச் ஒண்ணுலருந்து ஆகஸ்டு முப்பத்தொண்ணு. விடுபட்டது ஒரு இடம், ரெண்டாயிரத்துப் பதினேழு ஏப்ரல்ல பதினாறு நாளு. அவ்வளவுதான் வருது. நீங்க ரெண்டாயிரத்துப் பதினொண்ணு செப்டம்பர்லருந்து ரெண்டாயிரத்துப் பதினஞ்சு மே வரைக்கும் இன்னொரு இடைவெளி போட்டிருக்கறீங்க."

"மென்பொருள்ல ஏதாச்சும் தப்பு இருக்கும். மறுபடி ஏத்திப் பாரு கண்ணு."

அவள் மறுபடி ஏற்றினாள். அதே பதில்தான் வந்தது. அர்த்தனாரி சலிப்போடு எழுந்து கோப்பை எடுத்தார். தேதிகளைப் படித்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் ஆண்டுகளைக் குறித்து, ஒவ்வொரு வேலைக்காலத்துக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். முதல் கோடு நீளமாக, 2009-இலிருந்து 2015 வரை போனது. இரண்டாவது கோடு ஒரு விரல் அகலம்கூட இல்லை. அது முழுக்க முதல் கோட்டின் அடியிலேயே அடங்கிவிட்டது. மூன்றாவது கோடு, முதல் கோடு முடிந்த இடத்துக்கு நேர் கீழே தொடங்கியது. நடுவில் எங்கும் வெற்றிடம் இல்லை.

வாசலூர்பட்டியில் ஆறு மாதம் முடிந்தபோது அரியூர் நாட்டு வேலை முடியவில்லை. அது 2015 வரை நடந்துகொண்டேதான் இருந்தது. திருப்புலி நாட்டில் சேர்ந்த தேதியை மேல் வரியோடு மட்டும் ஒப்பிட்டிருக்கக் கூடாது. அதுவரை வந்த வரிகள் எல்லாவற்றிலும் எந்த முடிவுத் தேதி கடைசியானதோ அதோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அந்தக் கடைசித் தேதி அவர் தட்டச்சு செய்த முதல் வரியிலேயே இருந்தது.

சத்யா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "மத்தவங்களுக்கும் பாக்கட்டுங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பாரு."

இருபத்தொரு பேரில் கூடுதல் பணி பார்த்தவர்கள் மூன்று பேர். மற்ற இருவருக்கும் கூடுதல் பணி, சொந்த வேலை முடிந்த அதே நாளில் முடிந்திருந்ததால் பிழை வரவில்லை. மாதம்மாள் ஒருவருக்கு மட்டும்தான்.

அன்று அவர் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. திட்ட மேலாளர் கோகிலா அறைக்குப் போய், பென்சில் கோடு போட்ட தாளை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னார். கோகிலா நல்ல மனுஷிதான். இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டார்.

"ஐயோ. ஆனா இப்ப என்ன சார் பண்றது? அவங்க ரிட்டையர் ஆயிட்டாங்க. பின்தேதி போட்டுப் பதவி குடுக்கறதுக்கு விதியில இடமில்லை."

"தெரியுமுங்க மேடம். அந்தப் பட்டியல் தப்புன்னு ஒரு கடிதம் குடுங்க. போதும்."

"கடிதம் குடுத்தா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே. அவங்களும் கேக்கல. தலைமை அலுவலகத்துல என்னைக் கேப்பாங்க."

"நீங்க கையெழுத்துப் போட வேண்டாமுங்க. நானே போடறேன். பட்டியல் நான் போட்டது."

கோகிலா இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அப்புறம் தலைமை அலுவலகத்துக்குப் பேசி, திருத்திய சேவை அறிக்கை ஒன்றைக் கொடுக்க அனுமதி வாங்கினார். கீழே இரண்டு கையெழுத்தும் இருந்தன. அர்த்தனாரிக்கு எச்சரிக்கைக் குறிப்பு ஒன்று வந்தது. அதை அவரே தன் கோப்பில் சேர்த்தார். சரிபார்க்கும் வேலை சத்யாவுக்கு மாற்றப்பட்டது. அதில் அவருக்கு வருத்தம் இருந்தது என்று சொன்னால் பொய்யாகாது. ஆனால் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அரியூர் நாட்டுக்குப் பஸ் ஏறினார். மாதம்மாள் வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க சார். என்ன இவ்வளவு தூரமுங்க?"

அர்த்தனாரி உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. "அக்கா, அன்னிக்கு நான் போட்ட பட்டியல் தப்புங்க" என்றார். "உங்க தாளு சரியாத்தான் இருந்துச்சு. நான் பாத்த விதம் தப்பு. வாசலூர்பட்டி வேலை முடிஞ்ச தேதியை வெச்சுக்கிட்டு, அரியூர் நாட்டு வேலையும் அதோட முடிஞ்ச மாதிரி கணக்குப் பண்ணிட்டனுங்க. அந்த மூணே முக்கால் வருசமும் நீங்க இங்கதான் இருந்திருக்கறீங்க."

"அது எனக்குத் தெரியுமுங்களே" என்றார் மாதம்மாள்.

அவ்வளவுதான் சொன்னார். அர்த்தனாரி கடிதத்தை நீட்டினார். அவர் வாங்கி, கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனால் கண் மங்கிப்போயிருந்தது.

"அந்த மையத்துச் சாவி எனக்கு வந்திருக்குமுங்களா?"

"வந்திருக்குமுங்க."

"இப்பக் கெடைக்காதுங்க, இல்ல?"

"கெடைக்காதுங்க அக்கா."

மாதம்மாள் வீட்டுக்குள் பார்த்தார். சுவரில் சாமியப்பனின் படம் மாட்டியிருந்தது. "அவரு என்னைக் கேக்கவே இல்லீங்க" என்றார். "ஒரு வார்த்தை கேக்கல. நீ எங்க போனேன்னு கேட்டிருந்தாக்கூட நான் சத்தம் போட்டிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். கேக்காமயே இருந்துட்டாரு. நம்பினதால கேக்கலையா, நம்பாததால கேக்கலையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. அவரு இருக்கறப்ப வந்திருந்தீங்கன்னா…"

 மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார் அர்த்தனாரி. மாதம்மாள் அதற்குத் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று மறுக்கவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூணரைக்கு மையத்துக்குப் பொம்பளைங்க அல்லாரும் வருவாங்க, புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போக. அங்க வந்து இதைப் படிக்கறீங்களா?" என்று கேட்டார்.

"படிக்கறேனுங்க."

இருவரும் நடந்து போனார்கள். மையத்து வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பொறுப்பாளர் தேன்மொழி விஷயத்தைக் கேட்டதும், தன் நாற்காலியைக் கொண்டுவந்து மாதம்மாளுக்குப் போட்டாள். மாதம்மாள் உட்காரவில்லை. அர்த்தனாரி கடிதத்தைப் பிரித்து, ஒவ்வொரு தேதியாகச் சத்தமாகப் படித்தார். 1-9-2011 முதல் 31-5-2015 வரை விடுபட்டதாக முன்பு தெரிவித்தது எழுத்தரின் பிழை, அக்காலம் முழுவதும் மாதம்மாள் இம்மையத்தில் பணியில் இருந்தார் என்ற வரியை நிறுத்திப் படித்தார். அந்த வரியை மறுபடி படித்தார். எழுத்தர் நான்தான் என்றும் சொன்னார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, "எதுக்கு இதுங்க? என்னாச்சு?" என்று பக்கத்தில் கேட்டாள். அவள் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது. வயதான இன்னொருத்தி, "அட, அது எப்பவோ பேசினது. அதையெல்லாம் ஆரு இப்ப நெனப்புல வெச்சிருக்கறா?" என்று சிரித்தாள். தப்பாகச் சொல்லவில்லை. மாதம்மாளைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள்.

தேன்மொழி அழுதுவிட்டாள். "எனக்குத் தெரியாதுங்க அக்கா" என்று மாதம்மாளின் கையைப் பிடித்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும் சாமி? நீ அழுவாத" என்றார் மாதம்மாள். கடிதத்தை வாங்கி நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அர்த்தனாரி பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. அன்னிக்கு நான் வந்து நின்னப்ப, அந்தத் தாளை மறுபடி பாத்திருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்குமுங்களா?"

பொய் சொல்ல வழி இருந்தது. கணினி அப்படிக் காட்டியது என்று சொல்லியிருக்கலாம். அர்த்தனாரி, "தெரிஞ்சிருக்குமுங்க. முதல் வரியிலேயே இருந்துச்சு" என்றார்.

மாதம்மாள் அவரைப் பார்த்தார். கோபம் அந்தப் பார்வையில் இருந்ததா என்று அர்த்தனாரிக்குச் சொல்லத் தெரியவில்லை. "சாமையை வாசல்லயே வெச்சுட்டு வந்துட்டேன், கோழி கிளறிரும்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பத்தடி போய்த் திரும்பி, "பஸ்ஸு நாலரைக்குங்க. அதை உட்டா ஆறு மணிக்குத்தான்" என்றார்.